ஓரளவோடு நின்றுவிடும் மருந்து



ஒரு காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஹெராயினுக்கு அடிமையான ஓர் இளைஞரை அவருடைய அண்ணன் மனநலப் பிரிவுக்கு அழைத்து வருகிறார். காலை 9 மணி. மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, “கடைசியாக எப்போது போட்டுக்கொண்டீர்கள்?” என்பது. “விடியற்காலை 5 மணிக்கு” என்கிறார் இளைஞர். “அப்படியானால் இப்போது மாத்திரை கிடையாது. நாளைக் காலை வாருங்கள். இரவு உடம்பு முறியும், அடிக்கடி கொட்டாவி வரும், மூக்கில் நீர் வடியும், உடம்பு புல்லரிக்கும். அதெல்லாம் வந்த பிறகுதான் இந்த மாத்திரை” என்கிறார் மருத்துவர்.

அண்ணனுக்குக் கோபம் வருகிறது. திருந்த வேண்டும் என்று வந்தவனை இன்னும் ஒரு ராத்திரி துடிக்கவிடுவதா? பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் நம்பிக்கை இழந்து திரும்பிப் போய்விடுகின்றன. ஆனால் மருத்துவர் சொன்னது சரி. அது ஏன் சரி என்பதைத்தான் இந்த உரையில் விளக்க விரும்புகிறேன்.

ஹெராயின், மார்ஃபின், பிரசவ வலிக்கும் அறுவை சிகிச்சைக்கும் பயன்படும் சில கடுமையான வலிநிவாரணிகள் எல்லாம் ஓப்பியாய்டு என்ற ஒரே குடும்பம். மூளை நரம்புகளின் மேல் இவை வந்து உட்காருவதற்கென்றே சில இடங்கள் உண்டு. அவற்றை ஏற்பிகள் என்கிறோம். மருந்து ஏற்பியில் உட்கார்ந்ததும் நரம்புக்குள் ஒரு சைகை போகிறது. வலி குறைகிறது, மனம் மிதக்கிறது. கூடவே மூளைத்தண்டில் நம்மை மூச்சுவிட வைக்கிற நரம்புகளும் மந்தமாகின்றன. அளவு மீறி எடுத்தவர்கள் இறப்பது பெரும்பாலும் இதனால்தான். தூங்குவது போலவே மூச்சு நின்றுவிடும்.

இந்த அடிமைத்தனத்துக்கு இரண்டு மருந்துகள் உலகெங்கும் பயன்படுகின்றன. ஒன்று மெத்தடோன். 1960-களின் நடுவில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் ஹெராயின் பழக்கம் உள்ளவர்களுக்கு அதைத் தினமும் ஒருவேளை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மற்றது பியூப்ரனார்ஃபின், நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடும் மாத்திரை. 1978-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் ஆய்வு மையத்தில் டொனால்ட் ஜசின்ஸ்கியும் அவருடைய குழுவினரும் இது அடிமை சிகிச்சைக்கு உதவும் என்று காட்டினார்கள். இரண்டுமே ஓப்பியாய்டுகள்தான். இரண்டும் அதே ஏற்பியில்தான் உட்காருகின்றன. ஆனால் உட்கார்ந்த பிறகு அவை செய்யும் வேலையின் அளவு வேறு.

ஒரு திருவிழாப் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 100 ஹோல்டர்கள் இருக்கின்றன. ஹெராயினும் மெத்தடோனும் 100 வாட் பல்புகள். பியூப்ரனார்ஃபின் 40 வாட் பல்பு. நான் சொல்லப்போகும் எண்கள் புரிவதற்காக வைத்துக்கொண்டவை, அளந்தெடுத்தவை அல்ல. 100 வாட் பல்பை மாட்ட மாட்ட வெளிச்சம் 10,000 வாட் வரை ஏறும். 40 வாட் பல்பை எல்லா ஹோல்டரிலும் மாட்டினாலும் 4,000 வாட்தான். கூடையில் இன்னும் 500 பல்புகள் இருக்கலாம். மாட்ட இடம் கிடையாது. வெளிச்சம் அதற்கு மேல் ஏறாது.

மூச்சு நின்றுபோகும் அளவு 9,000 வாட் என்று வைத்துக்கொள்வோம். மெத்தடோன் அந்த இடத்தைத் தொட்டுவிடும். பியூப்ரனார்ஃபின் எவ்வளவு எடுத்தாலும் தனியாகத் தொடாது. பகுதித் தூண்டி என்று மருந்தியலில் சொல்வது இதைத்தான். ஏற்பியை அது முழுதாகத் தட்டி எழுப்புவதில்லை, பாதி விழிப்பிலேயே விட்டுவிடுகிறது. மாத்திரை குறைவாக இருப்பதால் வருகிற எல்லை இல்லை இது. அந்த மூலக்கூறின் இயல்பே அதுதான். அதனால் அளவைக் கூட்டி அந்த எல்லையைத் தாண்ட முடியாது.

இதை மனிதர்களிடம் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1994-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தன்னார்வலர்களுக்கு நாக்குக்கு அடியில் 1 மில்லிகிராமில் தொடங்கி 32 மில்லிகிராம் வரை கொடுத்தார்கள். அளவு 32 மடங்கு ஏறியது. ஆனால் 4, 8 மில்லிகிராமுக்கு மேலே மூச்சின் மந்தமும் மயக்கமும் பெரிதாக ஏறவே இல்லை. பின்னர் நெதர்லாந்தில் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். ஃபென்டனில் என்ற முழுத் தூண்டியின் அளவு ஏற ஏற மூச்சு குறைந்துகொண்டே போய் நிற்கும் நிலைக்கு வந்தது. பியூப்ரனார்ஃபினில் ஏறத்தாழப் பாதிக்குக் குறைந்து, அங்கேயே நின்றுவிட்டது.

இனி அண்ணனின் கோபத்துக்கு வருவோம். பியூப்ரனார்ஃபினுக்கு இன்னொரு குணம் உண்டு. அது தரும் வெளிச்சம் குறைவு, ஆனால் பிடிமானம் அதிகம். ஹோல்டரில் ஏற்கெனவே 100 வாட் பல்பு இருந்தால், அதைத் தள்ளிவிட்டுத் தான் இறுகி உட்கார்ந்துகொள்ளும். அந்த இளைஞரின் பந்தலில் காலை 9 மணிக்கு 7,000 வாட் எரிகிறது. அந்த வெளிச்சத்துக்கு அவர் உடம்பு பழகிவிட்டது. அப்போது மாத்திரையைக் கொடுத்தால் பெரிய பல்புகள் எல்லாம் கழன்று, சிறியவை உட்கார்ந்து, சில நிமிடங்களில் 4,000-க்கு வீழ்கிறது. உடம்புக்கு அது இருட்டு. இரண்டு மூன்று நாளில் மெல்ல வரவேண்டிய துடிப்பு, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வியர்வையுமாக ஒரே மணி நேரத்தில் கொட்டும். “மாத்திரை கொடுத்துத்தான் என்னைக் கொன்றார்கள்” என்று சொல்லி அவர் திரும்பவே மாட்டார்.

மறுநாள் காலை அவரிடம் மிச்சம் இருப்பது 1,000 வாட். அப்போது அதே மாத்திரை அவரை 4,000-க்குத் தூக்குகிறது. அரை மணி, முக்கால் மணியில் கொட்டாவி நிற்கிறது, கால் இழுப்பு குறைகிறது. ஒரே மாத்திரை, ஒரே ஆள். முதல் நாள் விஷம் போலவும் மறுநாள் அமுதம் போலவும் ஆவதற்கு நேரம் மட்டுமே காரணம். அதனால்தான் ஹெராயின் போட்டவர்களைக் குறைந்தது 12 மணி நேரமாவது காத்திருக்கச் சொல்கிறோம். கடிகாரத்தை மட்டும் நம்புவதில்லை. கண்மணி விரிந்திருக்கிறதா, நாடி வேகமாக இருக்கிறதா, மயிர்க்கூச்செறிகிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறோம். முதலில் 2 அல்லது 4 மில்லிகிராம், பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார வைத்து மறுபடியும் பார்த்து, தேவையானால் இன்னும் கொஞ்சம். மாத்திரையை விழுங்கிவிடக் கூடாது. விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரலே அழித்துவிடும்.

மெத்தடோனுக்கு இப்படித் துடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், அது 100 வாட்டை 100 வாட்டால் மாற்றுகிறது. ஆனால் பியூப்ரனார்ஃபினுக்கு உள்ள அந்த எல்லை, அந்தக் கூரை, அதற்கு இல்லை. அதன் ஆபத்து முதல் நாளில் தெரியாது, அதுதான் கொடுமை. மெத்தடோன் உடம்பிலிருந்து பாதி வெளியேறப் பலருக்கு 24 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். 24 என்றே வைத்து, தினமும் 30 மில்லிகிராம் கொடுக்கிறோம் என்று கணக்குப் போடுங்கள். முதல் நாள் உடம்பில் 30. மறுநாள் அதில் 15 மிச்சம், புதிதாக 30, ஆக 45. மூன்றாம் நாள் 52. நான்காம் நாள் 56. அளவை ஒரு சொட்டும் கூட்டவில்லை, உடம்பில் இருப்பதோ ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது. வெளியேற இன்னும் நேரம் பிடிக்கும் உடம்பில் இது மூன்று மடங்கை நெருங்கும். முதல் நாளில் “போதவில்லை” என்று சொன்னதற்காக மறுநாளே கூட்டிக் கொடுத்தால், ஐந்தாம் நாள் தூக்கத்தில் மூச்சு நிற்கலாம். மெத்தடோன் மரணங்கள் முதல் இரண்டு வாரங்களில் அதிகம் நேர்வதற்கு இந்தக் கூட்டல் ஒரு முக்கியக் காரணம். பகலில் பேச்சு குழறுவது, உட்கார்ந்தபடியே தலை சாய்வது, தூக்கத்தில் குறட்டை வழக்கத்துக்கு மாறாகக் கனப்பது, இவற்றைக் கண்டால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அப்படியானால் மெத்தடோன் எதற்கு என்று கேட்பீர்கள். 4,000 வாட் போதாதவர்கள் இருக்கிறார்கள். பல ஆண்டுகள் அதிக அளவில் போட்டுக்கொண்ட உடம்புக்குப் பியூப்ரனார்ஃபினின் உச்சம்கூடக் குறையாகவே படும். அவர்கள் அந்தக் குறையைத் தெருவில் போய் நிரப்பிக்கொள்கிறார்கள். மெத்தடோனில் அவர்கள் சிகிச்சையை விட்டுப் போகாமல் நிலைப்பது அதிகம். நம் நாட்டில் பியூப்ரனார்ஃபின்தான் பரவலாகக் கிடைக்கிறது. மெத்தடோன் 2012-இல்தான் சில மையங்களில் தொடங்கியது. என்னைக் கேட்டால் இரண்டும் எல்லா மாவட்டத்திலும் இருக்க வேண்டும்.

கூரை இருக்கிறது என்பதற்காகப் பியூப்ரனார்ஃபினை ஆபத்தே இல்லாதது என்று எண்ணிவிடாதீர்கள். அந்தக் கூரை ஓப்பியாய்டு ஏற்பி என்ற ஓர் அறைக்கு மட்டும்தான். மதுவும் தூக்க மாத்திரையும் வேறு வாசல் வழியாக வந்து அதே மூச்சு நரம்புகளை அமுக்குகின்றன. பிரான்சில் 1990-களின் நடுவில் சாதாரணக் குடும்ப மருத்துவர்களே பியூப்ரனார்ஃபின் எழுதித்தரலாம் என்று அனுமதித்தார்கள். சில ஆண்டுகளில் ஹெராயினை அளவு மீறி எடுப்பதால் நேரும் மரணங்கள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. எனினும் பியூப்ரனார்ஃபின் எடுத்து இறந்த சிலரைப் பரிசோதித்தபோது, பெரும்பாலும் தூக்க மாத்திரையும் உடன் இருந்தது. பலர் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றியிருந்தார்கள். இதைத் தடுக்கத்தான் ஏற்பிகளை அடைத்துவிடும் நலாக்சோன் என்ற மருந்தைச் சேர்த்த மாத்திரை வந்தது. நாக்குக்கு அடியில் வைத்தால் நலாக்சோன் உடம்பில் அதிகம் சேராது. ஊசியில் ஏற்றினால் அதுவே துடிப்பை வரவழைக்கும்.

குழந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 9,000 என்று நாம் வைத்த எண் பழகிய உடம்புக்கானது. நான்கு வயதுக் குழந்தைக்கு அந்த எல்லை 4,000-க்கும் கீழே இருக்கலாம். கூரை அந்தக் குழந்தையைக் காப்பாற்றாது. மாத்திரை வீட்டில் இருந்தால் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

“ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடிக்கிறான்” என்று உறவினர்கள் சொல்வார்கள். ஒரே அளவில், ஒரே நேரத்தில், தலை கிறங்காமல், வேலைக்குப் போய்த் திரும்பும் ஒருவரை அந்தச் சொல்லால் அழைப்பது நியாயம் இல்லை. அந்தப் பேச்சைக் கேட்டுச் சில வாரங்களிலேயே மாத்திரையை நிறுத்தியவர்களில் பலர் திரும்ப ஹெராயினைப் பழைய அளவிலேயே போட்டுக்கொள்கிறார்கள். பழக்கம் விட்ட உடம்பு அதைத் தாங்குவதில்லை.

போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண் 14446. அழைத்துக் கேளுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, கடைசியாக எதை, எத்தனை மணிக்கு, எவ்வளவு எடுத்தீர்கள் என்பதையும், மது, தூக்க மாத்திரை பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உடன் வரும் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். அந்த உண்மையை அவர் சொல்லும்போது தயவுசெய்து திட்டாதீர்கள்.