கன் மாட்டியாச்சு, சார்ஜ் ஏறலை
போன வாரம் இருட்டுற நேரம், காட்டாங்குளத்தூர்ல ஜி.எஸ்.டி. ரோட்டோரமா காருக்கு சார்ஜ் போட்டேன். பேட்டரி 9 சதவீதம், திண்டிவனம் போகணும். சிசிஎஸ்-2 கன்னை மாட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். இருபது நிமிஷம் கழிச்சு வந்தா அதே 9! மெஷின்ல லைட் மட்டும் பச்சையா மின்னிட்டு இருக்கு.

அந்தக் கன்ல கீழே இருக்கிற ரெண்டு பெரிய பின்லதான் டிசி கரண்ட் போகும். மேலே சின்ன பின்கள். ஒண்ணு வழியா காரும் சார்ஜரும் பேசிக்கும். இன்னொண்ணு, கன் சரியா மாட்டியிருக்கான்னு காருக்குச் சொல்லும். இது முடியாம சார்ஜ் ஆரம்பிக்காது.

கேபிள் செம கனம், கன்னைக் கீழே இழுத்திருக்கு. கழற்றி, கேபிளைத் தாங்கிப் பிடிச்சு நேரா அழுத்தினேன். 'டக்'னு லாக் ஆச்சு, ஸ்கிரீன்ல கிலோவாட் ஏறுச்சு. மெஷின் மேல இவ்ளோ இடம் காலியா கிடக்கு, இதை ஒரு போர்டா எழுதி ஒட்டலாம்ல?