ஸ்லைடு போடும் முன்னே கேள்விகளை எழுதுங்கள்

(மேல்பட்டாம்பாக்கத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

வரவு செலவுக் கணக்கை ஸ்லைடு போட்டு விளக்கும்போது, பேசுறது சுலபம். பேசி முடிச்சதும் வர்ற கேள்வியிலதான் மாட்டிக்குவோம். ஒரு நிஜ உதாரணத்தோடு பார்ப்போம்.

2021 ஆகஸ்ட் 9 அன்று, அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தமிழக நிதிநிலை குறித்த வெள்ளை அறிக்கையை வெளியிட்டார். அதில் எல்லார் வாயிலும் புகுந்த எண் ஒன்று: ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன். இதை நாம் ஸ்லைடாகப் போட்டு விளக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி நிச்சயம் இதுதான்: "இந்தப் பணத்தை நான் கட்டணுமா தம்பி?" இல்லை. இது மொத்தக் கடனைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்த சராசரி. யார் வீட்டுக்கும் பில் வராது.

அடுத்து, பின்வரிசையில் செல்போனில் கணக்குப் போடுபவர் எழுந்திருப்பார். "கடன் 4.85 லட்சம் கோடின்னு படிச்சேன். 2.16 கோடி குடும்பத்தால வகுத்தா 2.25 லட்சம்தானே வருது, உங்க ஸ்லைடு தப்பா?" இங்கேதான் பலரும் தடுமாறுவாங்க. இரண்டு எண்ணுமே சரி, தேதிதான் வேறு. இடைக்கால பட்ஜெட் மதிப்பீட்டின்படி 4.85 லட்சம் கோடி என்பது 2021 மார்ச் இறுதிக்கு. 2022 மார்ச் இறுதிக்கு 5,70,189 கோடி. இந்த இரண்டாவது தொகையை 2.16 கோடியால் வகுத்துப் பாருங்கள், 2,63,976 வரும். ஆக, எண்ணுக்குப் பக்கத்திலேயே 'எந்தத் தேதி, மதிப்பீடா உண்மைச் செலவா, எதால் வகுத்தது' என்ற மூன்றையும் எழுதிவிட்டால், அந்தக் கேள்விக்கு ஸ்லைடே பதில் சொல்லிடும்.

"கடன் வாங்கி என்ன கட்டினாங்க?" என்று ஒரு அக்கா கேட்பாங்க. இதுக்குக் கடன் ஸ்லைடில் பதில் இருக்காது, வருவாய்ப் பற்றாக்குறை ஸ்லைடுக்குப் போகணும். 2020-21இல் அது 61,320 கோடி. சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி போன்ற அன்றாடச் செலவுக்கு வருமானம் போதாமல் விழுந்த துண்டு அது. அந்த அளவுக்கு வாங்கிய கடனால் பாலமோ கட்டடமோ எழவில்லை. கேள்விப் பட்டியலில் பதிலோடு ஸ்லைடு எண்ணையும் குறித்துக்கொண்டால், அந்த நேரத்தில் தேடி அலைய வேண்டாம்.

கடைசியா பஸ். அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59.15 ரூபாய் நட்டம் என்றது அறிக்கை. "நம்ம கடலூர்–பண்ருட்டி பஸ்ஸுக்கும் அவ்வளவுதானா? அதுல நிக்கக்கூட இடமில்லையே!" நியாயமான கேள்விதான். ஆனால் அது மாநிலச் சராசரி, வழித்தட வாரியான கணக்கு ஸ்லைடில் கிடையாது. தோராயமா ஒரு எண்ணைச் சொல்லிச் சமாளிச்சா, நாளைக்கு அதுவே வாட்ஸ்அப்பில் சுத்தும். "இதில் இல்லை, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, கேட்டவர் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள்.