முப்பது நாற்காலி, நூற்று நாற்பது விண்ணப்பம்

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெயில்கள்ல ஒரே கேள்வி திரும்பத் திரும்ப இருந்துச்சு. "ஃபார்ம் நிரப்பினேன், 'பரிசீலனையில் உள்ளது'ன்னு வந்தது, பத்து நாள் கழிச்சு இடம் இல்லைன்னு வந்தது. இலவசப் பயிலரங்குக்கு எதுக்குங்க இந்த வடிகட்டல்? முதல்ல வர்றவங்களுக்கு இடம்னு வெச்சுட்டுப் போகலாமே?"

நியாயமான கேள்வி. நான் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கல்லூரி மாணவர்களுக்கு வார இறுதியில நிரல் எழுதக் கத்துக்கொடுக்குற ஒரு சின்ன நண்பர் குழுவுல இருக்கேன். ஆள் தேர்வுதான் என் வேலை, அதனால உள்ளே என்ன நடக்குதுன்னு சொல்லிடறேன். விழுப்புரத்துல இதுக்கெல்லாம் ஆள் வருமான்னு சென்னைக்காரங்க கேப்பாங்க. 2023 ஜனவரியில டெபியன் லினக்ஸ்காரங்களோட மினிடெப்கான்ஃப் இங்கதான் நடந்தது. ஆள் வருவாங்க. வர்றவங்கள்ல யாருக்கு இடம்கிறதுதான் எங்க பிரச்சினை.

முதல்ல இடம் எத்தனைன்னு முடிவாகணும். ஹால்ல நூறு நாற்காலி இருக்கலாம். ஆனா கைப்பிடிச்சுக் கத்துக்கொடுக்குற பயிலரங்குல கணக்கு நாற்காலியில இல்ல, பயிற்றுநர்கள்ல இருக்கு. 2014ல பெர்லின்ல தொடங்கி உலகம் முழுக்கப் பரவின ஜாங்கோ கேர்ள்ஸ் பயிலரங்குகள்ல ஒரு பயிற்றுநருக்கு மூணு பேர்ங்கிறதுதான் வழக்கம். நாங்களும் அதைத்தான் பிடிச்சுக்கிட்டோம். பத்து பயிற்றுநர் கிடைச்சா முப்பது இடம். முப்பத்தி ஒண்ணாவது ஆளைச் சேர்த்தா ஒரு மேசையில நாலு பேர் ஆயிடும், அந்த நாலாவது ஆள் பெரும்பாலும் சத்தமே போடாம உட்கார்ந்திருக்கிற பொண்ணாத்தான் இருப்பாங்க.

இப்போ ஒரு கணக்கு போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆனா விகிதம் எங்க ஊர் விகிதம். முப்பது இடத்துக்கு 140 விண்ணப்பம். அதுல 80 பேர் விழுப்புரத்துல ஹாஸ்டல்ல தங்கிப் பொறியியல் படிக்கிறவங்க. 35 பேர் உள்ளூர்க் கலைக் கல்லூரி. மீதி 25 பேர் திண்டிவனம், செஞ்சி, மரக்காணம் பக்கத்துலேர்ந்து.

முதல்ல வர்றவங்களுக்கு இடம்னா என்ன ஆகும்? சாயங்காலம் ஏழு மணிக்கு லிங்க் போடறோம். ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்புக்கு ஏழு ஒண்ணுக்குப் போயிடும். ஏழரைக்குள்ள முப்பதும் முடிஞ்சுடும். செஞ்சிக்குப் பக்கத்து கிராமத்துலேர்ந்து பஸ் ஏறிப் போயிட்டு வர்ற பொண்ணு, வீட்டு வேலை முடிச்சு ஒன்பதரைக்கு போனை எடுக்கிறாங்க. முதல்ல வர்றவங்கன்னா ஆர்வம் அதிகம் உள்ளவங்கன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. அது பொய். லிங்க் முதல்ல யார் கைக்குப் போச்சுங்கிறதைத்தான் அந்த முறை அளக்குது.

சரி, எல்லாத்தையும் படிச்சு மார்க் போட்டு மேலேர்ந்து முப்பது பேரை எடுத்தா? அதுவும் சரியா வராது. மார்க் போடறது ஒவ்வொரு ஆளையும் தனித்தனியா பாக்கறது. நல்லா எழுதத் தெரிஞ்சவங்க, ஏற்கெனவே ரெண்டு பயிலரங்கு போனவங்க, சீனியர் சொல்லிக்கொடுத்தவங்கதான் மேல வருவாங்க. முப்பதுல இருபத்தஞ்சு பேர் ஒரே கல்லூரி, ஒரே டிபார்ட்மென்ட்னு வந்து நிக்கும். ஒவ்வொருத்தரும் தகுதியானவங்கதான், ஆனா கூட்டமா பார்த்தா ஹாஸ்டலை அப்படியே தூக்கி ஹால்ல வெச்ச மாதிரி இருக்கும்.

அதனால மார்க்கை நாங்க ஒரு வாசற்படியா மட்டும்தான் வெச்சுக்கறோம். பெயரையும் கல்லூரியையும் மறைச்சுட்டு ரெண்டு பேர் தனித்தனியா படிச்சு ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரை மதிப்பெண் போடுவாங்க. ரெண்டு பேருக்கும் ரெண்டு மார்க்குக்கு மேல வித்தியாசம் வந்தா மூணாவது ஆள் படிப்பார். சராசரி மூணு தாண்டினா உள்ளே. மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல வித்தியாசம் பாக்கறதில்ல. ஏன்னா நாலு வரி பதிலை வெச்சு மூணரையும் நாலும் ஒண்ணா வேறயான்னு யாராலயும் சொல்ல முடியாது.

கேள்வியும் ரெண்டே ரெண்டுதான். எதுக்கு வர்றீங்க, கத்துக்கிட்டதை வெச்சு முதல்ல எதைச் செஞ்சு பாப்பீங்க. தமிழ்ல எழுதலாம், தங்கிலீஷ்ல எழுதலாம், எழுத வரலைன்னா ஒரு வாய்ஸ் நோட் அனுப்பலாம். "லேப்டாப் இருக்கா?"ன்னும் கேப்போம், ஆனா கீழேயே காரணத்தையும் போட்டுடுவோம்: இல்லைன்னா நாங்க ஏற்பாடு செய்யணும், அதுக்குத்தான். அந்த வரி இல்லைன்னா எல்லாரும் "இருக்கு"ன்னு எழுதிடுவாங்க, காலையில வந்து வெறுங்கையோட நிப்பாங்க.

ஒரே பதில் பன்னெண்டு விண்ணப்பத்துல வரி மாறாம வர்றதும் உண்டு. யாரோ ஒரு சீனியர் குரூப்ல மாதிரிப் பதில் போட்டிருப்பார். சில அமைப்பாளர்கள் அந்தப் பன்னெண்டையும் தூக்கிடுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஃபார்ம் நிரப்பவே பயப்படுற பசங்கதான் அடுத்தவங்க பதிலை எடுத்துப் போடறாங்க. ரெண்டு நிமிஷம் போன் பண்ணிப் பேசினா யார் எப்படின்னு தெரிஞ்சுடும்.

இப்போ வாசற்படி தாண்டினவங்க 110 பேர்னு வெச்சுக்குவோம். ஹாஸ்டல் 60, உள்ளூர்க் கலைக் கல்லூரி 30, வெளியூர் 20. இதுலேர்ந்து முப்பது பேரை யார் எடுக்கறது? யாரும் எடுக்கக் கூடாதுங்கிறது என் கட்சி. குலுக்கல்தான்.

இது ஒண்ணும் புதுசு இல்ல. திண்டிவனத்துக்கு வடக்கே காஞ்சிபுரம் மாவட்டத்துல இருக்கிற உத்திரமேரூர்ல, முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுல குடவோலை முறை இருக்கு. பள்ளிக்கூடத்துல எல்லாரும் படிச்சிருப்போம். ஆனா அதுல ஒரு நுணுக்கத்தை யாரும் சொல்லித் தரல. ஊர் மொத்தத்துக்கும் ஒரே குடம் வெச்சு அவங்க எடுக்கல. ஊரை முப்பது குடும்பாப் பிரிச்சு, குடும்புக்கு ஒரு ஓலை. முதல்ல தகுதி பார்த்தாங்க, அப்புறம் பகுதிவாரியா பிரிச்சாங்க, கடைசியா குலுக்கினாங்க. கணக்கு காட்டாதவங்களும் அவங்க உறவுக்காரங்களும் தகுதியிலேயே அடிபட்டுப் போனாங்க. எல்லாம் சரி, ஆனா ஓலையில பெயர் வரணும்னா வரி கட்டுற நிலமும், சொந்த மனையில வீடும், வேதக் கல்வியும் வேணும். குலுக்கல் எவ்வளவு நேர்மையா இருந்தாலும் குடத்துக்குள்ள போகாத பெயர் வெளியே வராது. எங்க ஃபார்ம் லிங்க்கும் அப்படித்தான். அதனால லிங்க்கை திண்டிவனம், செஞ்சி கல்லூரி ஆசிரியர்களுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அனுப்பிட்டு, ஹாஸ்டலுக்குக் கடைசியா அனுப்புவோம்.

நாங்களும் மூணு குடம் வெக்கறோம். வெளியூர் 20 பேர்ல 8, கலைக் கல்லூரி 30ல 10, ஹாஸ்டல் 60ல 12. ஒவ்வொண்ணுலயும் பாதி பெண்கள் வர்ற மாதிரி. அப்படின்னா வெளியூர்க்காரருக்கு அஞ்சுல ரெண்டு வாய்ப்பு, ஹாஸ்டல் பையனுக்கு அஞ்சுல ஒண்ணுதான். இது சமம் இல்லைன்னு கேட்டா, ஆமா, சமம் இல்ல. அந்தப் பையனுக்கு அடுத்த மாசம் கல்லூரியிலேயே வேற பயிலரங்கு வரும், மரக்காணத்துல வராது. ஆனா இந்த எண்ணை விண்ணப்பப் பக்கத்துலேயே போட்டுடணும்கிறதுல நான் பிடிவாதமா இருக்கேன். ரகசியமா வெச்ச ஒதுக்கீடு பிறகு "உங்களுக்கு வேண்டியவங்களை எடுத்துக்கிட்டீங்க"ன்னு வந்து நிக்கும். அப்போ பதில் சொல்ல வாய் இருக்காது.

இன்னொரு சிக்கல் இருக்கு. பெண், வெளியூர், இதுவரை நிரலே எழுதாதவர்னு நிபந்தனையை அடுக்கிக்கிட்டே போனா, எல்லாத்துக்கும் பொருந்துற ரெண்டு மூணு பேர் ஒவ்வொரு தடவையும் நிச்சயமா உள்ளே வந்துடுவாங்க. எதுலயும் பொருந்தாத ஆளுக்கு, உதாரணத்துக்கு கொஞ்சம் நிரல் தெரிஞ்ச விழுப்புரத்துப் பையனுக்கு, வாய்ப்பு கிட்டத்தட்ட பூஜ்யம் ஆயிடும். வெளிநாடுகள்ல நடக்கிற குடிமக்கள் பேரவைகளுக்கு ஆள் எடுக்கும்போது இதே சிக்கல் வந்து, 2021ல நேச்சர் இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. எல்லா நிபந்தனையும் நிறைவேறணும், அதே சமயம் ரொம்பக் குறைஞ்ச வாய்ப்பு உள்ள ஆளோட வாய்ப்பை முடிஞ்ச வரைக்கும் ஏத்தணும்கிறதுதான் அவங்க வழி. முப்பது பேருக்கு அந்த மென்பொருள் எல்லாம் வேண்டாம். நிபந்தனையை ரெண்டோட நிறுத்தினாலே போதும்.

குலுக்கி முடிச்சாச்சு, பட்டியல் அழகா இருக்கு. உண்மையான வேலை இனிமேதான்.

தேர்வானவங்களுக்கு மெயில் போடுவோம், அஞ்சு நாளைக்குள்ள வர்றேன் இல்ல வரலைன்னு சொல்லணும். பதில் இல்லைன்னா ஒரு போன். பயிலரங்குக்கு நாலு நாள் முன்னாடி நாலஞ்சு பேர் விலகுவாங்க. யார் விலகுவாங்கன்னு கவனிச்சா தலை சுத்தும். திண்டிவனத்துப் பொண்ணு, "வீட்ல தனியா அனுப்ப மாட்டேங்கறாங்க சார்." மரக்காணம் பையன், "ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போகணும்ணா." அதே நேரம், நாளைக்கே வரச் சொன்னா வரத் தயாரா இருக்கிறது யாரு? நடந்து வர்ற தூரத்துல இருக்கிற ஹாஸ்டல் பசங்க. காத்திருப்போர் பட்டியல் ஒண்ணே ஒண்ணா இருந்தா, போற இடம் எல்லாம் அவங்ககிட்ட போகும். எட்டு வெளியூர்க்காரர் மூணாயிடுவாங்க. குலுக்கல்ல பார்த்துப் பார்த்துச் சேர்த்தது கடைசி மூணு நாள்ல கரைஞ்சுடும், யாரும் எந்தத் தப்பும் பண்ணாமலே.

அதனால காத்திருப்போர் பட்டியலும் மூணு. வெளியூர்க்காரர் விலகினா வெளியூர்ப் பட்டியல்லேர்ந்துதான் அடுத்த ஆள். அதை விட முக்கியமா, வெளியூர்க் குடத்துல தனி ஆளா எடுக்கிறதையே விட்டுட்டோம். ஒரே ஊர்லேர்ந்தோ ஒரே பஸ் ரூட்லேர்ந்தோ விண்ணப்பிச்சவங்க விரும்பினா ஒரே சீட்டுல ரெண்டு பேர் எழுதலாம். சீட்டு வந்தா ரெண்டு பேரும் உள்ளே. ஜோடியா வர்றவங்க விலகறது ரொம்பக் குறைவு. பயணச் செலவை முன்கூட்டியே அனுப்பிடுவோம். நகரப் பேருந்துல பெண்களுக்குக் கட்டணம் இல்லங்கிறதால பலர் இதை மறந்துடறாங்க. திண்டிவனம்–விழுப்புரம் வெளியூர் வண்டி, டிக்கெட் எடுத்துத்தான் ஆகணும். அப்புறம் நிகழ்ச்சி அஞ்சரைக்கு இல்ல, நாலு மணிக்கு முடியும். செஞ்சி போய் அங்கேர்ந்து கிராமத்துக்குக் கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்கணுமே.

இடம் கிடைக்காத 110 பேருக்கு நாங்க என்ன எழுதறோம்னும் கேட்டிருந்தீங்க. "அதிக விண்ணப்பங்கள் வந்ததால்"னு ஆரம்பிக்கிற அந்த வழக்கமான மெயில் எங்ககிட்ட கிடையாது. வாசற்படி தாண்டினவங்களுக்கு, "நீங்க தேர்வானீங்க, குலுக்கல்ல வரல. உங்க குடத்துல இத்தனை பேர், இத்தனை இடம். அடுத்த தடவை உங்க பெயர் ரெண்டு சீட்டாப் போகும்"னு எழுதுவோம். தாண்டாதவங்களுக்கு எந்தக் கேள்விக்கான பதில் போதலைன்னு ஒரே ஒரு வரி. முப்பது பேருக்கு அதை எழுத ஒரு சாயங்காலம் ஆகும். ரெண்டு டீ செலவு.