ஒரு வரிசையில் நான்கு கட்டம்

(முன்னாள் மாணவர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் வேலையைப் பற்றி ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஈரோட்டுப் பக்கம் ஒரு சாய ஆலையில் ஷிப்ட் போடுவதுதான் என் வேலை. யார் எந்த ஷிப்டுக்கு வருவார், யாருக்கு லீவு என்று கட்டம் போடுகிற உத்தியோகம். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அந்தக் கட்டத்தில் நான் செய்த தவறால் ஒருவருக்கு என்ன நேர இருந்தது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சாய ஆலைக்கு உயிர் நீராவி. நீராவிக்குப் பாய்லர். சான்றிதழ் பெற்ற அட்டெண்டென்ட் பொறுப்பில் இல்லாமல் பாய்லரை ஓட்டக் கூடாது என்பது சட்டம். எங்களிடம் அப்படிப்பட்டவர்கள் நான்கு பேர். 2024-ல் பங்குனி உத்திரம் மார்ச் 25, திங்கட்கிழமை வந்தது. ஒருவர் பழனிக்கு நடந்து போக மூன்று நாள் லீவு கேட்டு ஆபீஸ் லீவு நோட்டில் எழுதினார். இன்னொருவர் சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னார். அவர் தன் டைரியில் குறித்துக்கொண்டார். நோட்டு ஒரு மேசையில், டைரி ஒரு சட்டைப் பையில். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் யாரும் இல்லை. பார்க்க வேண்டியவன் நான்.

மீதி இருந்த இருவரில் ஒருவர் தொடர்ந்து இரண்டு ஷிப்ட், பதினாறு மணி நேரம் நின்றார். விடியற்காலை நான்கு மணிக்கு உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டது. பாய்லரில் தண்ணீர் குறைந்து மணி அடித்தபோதுதான் விழித்திருக்கிறார். விறகு பாய்லர், காற்று தள்ளும் விசிறி நின்றாலும் உள்ளே தணல் இருக்கும். நல்லவேளை, பம்பு போட்டுச் சரிசெய்துவிட்டார். மறுநாள் என்னிடம், "மணி அடிக்காமப் போயிருந்தா என்னாகியிருக்குமுங்க சார்?" என்று மட்டும் கேட்டார். நான் என்ன பதில் சொல்ல?

அதற்குப் பிறகுதான் கூகுள் காலண்டரில் எல்லோரும் சேர்ந்து பார்க்கிற மாதிரி ஒரு லீவு காலண்டர் ஆரம்பித்தோம். முதலில் ஆலை முழுவதற்கும் ஒரே காலண்டர் போட்டேன். அறுபது பேர் லீவும் ஒரே பக்கத்தில். கலர் கலராகக் கோலம் மாதிரி இருந்தது; ஒன்றும் புரியவில்லை. கலைத்துவிட்டு, ஒருவருக்குப் பதில் இன்னொருவர் செய்யக்கூடிய வேலை எதுவோ, அதற்கு ஒரு காலண்டர் என்று பிரித்தேன். பாய்லருக்குத் தனி, எலக்ட்ரீஷியனுக்குத் தனி. பாய்லர் பக்கத்தில் நான்கு பேர் லீவு மட்டும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நாளுக்கு மூன்று ஷிப்ட், ஏழு நாளைக்கு 21 ஷிப்ட். நான்கு பேர் வாரம் ஆறு நாள் வேலை செய்தால் 24. ஆக, கையிருப்பு மூன்றே மூன்று ஷிப்ட். ஒரு வாரத்தில் நான்கு பேருக்கும் சேர்த்து மூன்று நாள் லீவு கொடுக்கலாம். நான்காவது நாள் கொடுத்தால் யாரோ ஒருவர் வார ஓய்வை இழக்கிறார், இல்லை இரட்டை ஷிப்ட் நிற்கிறார். ஒரே நாளில் இரண்டு பேர் லீவு போட்டால்தான் மோதல் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது பாதி உண்மைதான். செவ்வாயும் புதனும் ஒருவர், வெள்ளியும் சனியும் இன்னொருவர் என்றால் எந்த நாளிலும் மோதல் தெரியாது. ஆனால் வாரத்தில் ஆள் போதாது. காலண்டரின் மாதப் பக்கத்தில் ஒரு வாரம் என்பது ஒரு வரிசை. எங்கள் வாரச் சுற்றும் அதே மாதிரி ஞாயிறு தொடங்கி சனியில் முடியும். ஆகவே ஒரு வரிசையில் நான்கு கட்டம் நிறைந்தால் நிறுத்து! இதை வாட்ச்மேன்கூடப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இனி நான் விழுந்த குழியைச் சொல்கிறேன். லீவுக்கான காரணத்தையும் அதில் எழுதிவந்தோம். ஒருவருக்கு மூல நோய் ஆபரேஷன். அது ஊருக்கே தெரிய வேண்டுமா? அதனால் சாயப் பகுதிக்குத் திட்டம் போடும் அம்மாவுக்கு `See only free/busy` என்ற அனுமதி மட்டும் கொடுத்தேன். அந்த வாரம் ஐந்து கட்டம் நிறைந்திருந்தது. அவரோ இரவு ஷிப்டிலும் முழு லோடு போட்டிருந்தார். "ஏம்மா, பார்க்கலையா?" என்றேன். "காலண்டர் காலியா இருக்கே சார்" என்று திரையைக் காட்டினார். உண்மையிலேயே காலி!

காரணம் இதுதான். முழு நாள் பதிவு போட்டால், நாம் மாற்றாத வரை அது `Free` என்றே பதிவாகும். பிறந்தநாள், பண்டிகை போன்றவற்றுக்கு அது சரி. லீவுக்குத் தலைகீழ். எனக்கு லீவு தெரிந்தது. அந்த அனுமதியில் பார்த்தவருக்குத் தெரியவில்லை. `Busy` என்று மாற்றினோம். அப்போதும், ஆள் இல்லை என்று தெரிந்ததே தவிர ஒருவரா இருவரா என்று தெரியவில்லை. கடைசியில் எளிய வழிக்கு வந்தோம்: பெயரும் "லீவு" என்ற சொல்லும் தவிர எதையும் எழுதுவதில்லை, எழுதியதை எல்லோருக்கும் முழுதாகக் காட்டுகிறோம். மாற்றும் உரிமை சூப்பர்வைசருக்கும் டைம் ஆபீசுக்கும் மட்டும். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: காலண்டர் போட்டவுடன், பார்க்கப் போகிறவரின் போனை வாங்கி, அவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

இன்னும் இரண்டு விதி வைத்தோம். லீவு கேட்ட அன்றே பெயருடன் கேள்விக்குறி போட்டு ஏற்றிவிட வேண்டும். அனுமதித்த பிறகு கேள்விக்குறியை எடுக்கலாம். அனுமதிக்குக் காத்திருக்கும் லீவில்தான் மோதலே பிறக்கிறது. மற்றொன்று இரவு ஷிப்ட். பத்தாம் தேதி இரவு பத்து மணிக்கு ஏறுபவர் பதினொன்றாம் தேதி காலை ஆறுக்கு இறங்குகிறார். "பதினொண்ணு லீவு" என்றால் எந்த இரவு? ஷிப்ட் தொடங்கும் தேதிதான் கணக்கு என்று முடிவு செய்து, அதைக் காலண்டரின் பெயரிலேயே எழுதிவிட்டோம்.

2025-ல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 11, வெள்ளி. மார்ச் மாதமே அதே இரண்டு பெயர்கள் வந்துவிட்டன: 10, 11, 12, கேள்விக்குறியுடன். ஒரே வரிசையில் ஆறு கட்டம்! யாரிடம் வேண்டாம் என்பது? இருவருக்கும் வேண்டுதல். சாயப் பகுதி அம்மாதான் வழி சொன்னார்: "மூணு நாளும் ராத்திரி பாய்லரை நிறுத்திடலாம் சார். நீராவி வேண்டாத வேலையை ராத்திரிக்குத் தள்ளிடறேன்." துணி சரிபார்ப்பு, தையல், மிஷின் கழுவல் எல்லாம் இரவுக்குப் போயின. நாளுக்கு இரண்டு ஷிப்ட், மூன்று நாளைக்கு ஆறு. இருந்த இருவருக்கும் தலைக்கு மூன்று. கணக்கு நேர்!

காலண்டர் எண்ணாது, நாம்தான் எண்ண வேண்டும். திடீர்க் காய்ச்சலை அது முன்கூட்டிச் சொல்லாது. வாயால் கேட்ட லீவை யாரும் ஏற்றாவிட்டால் அதுவும் பழைய நோட்டுதான். மூன்று வாரம் முன்னால் தெரிந்ததால்தான் வழி இருந்தது. அன்று காலையில் தெரிந்திருந்தால் மறுபடியும் ஒருவர் பதினாறு மணி நேரம் நின்றிருப்பார்.

பழனி போன இருவரும் திரும்பி வந்து பஞ்சாமிர்தம் கொடுத்தார்கள். முதல் டப்பாவை, போன வருஷம் இரட்டை ஷிப்ட் நின்றாரே, அவர் கையில் கொடுக்கச் சொன்னேன்.