மாம்பழ வரவு அறிவிப்பு: நிறம் சொல்லாததைச் சொல்லும் வரிகள்

மாம்பழத்தின் தோல் பல நேரம் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுப்பதில்லை. சேலம், கிருஷ்ணகிரி பக்கத்துப் பழக்கடைக்காரர் பருவம் தொடங்கும்போது பலகையிலோ கைபேசியிலோ எழுதும் வரவு அறிவிப்புக்கு அதனால்தான் வேலை இருக்கிறது. பழம் தித்திக்கும் என்பதை எல்லாரும் எழுதுவார்கள். தோலைப் பார்த்துத் தெரியாததைச் சொல்வதே நேர்மையான அறிவிப்பு.

முதலில் வருகிற ரகங்களில் ஒன்று செந்தூரா. காயாக இருக்கும்போதே தோள்பக்கம் சிவந்துவிடுவதால், சிவப்பை நம்பி அறுத்தால் புளிக்கும். ‘சிவப்பாக இருந்தாலும் காய்தான், அமுக்கினால் இளகிய பிறகு அறுக்கவும்’ என்று எழுதினால் போதும். மே மாதத்து இமாம்பசந்தும் அடுத்து வரும் மல்கோவாவும் இதற்கு நேர்மாறு. நன்றாகப் பழுத்தும் தோலில் பச்சை தங்கியிருக்கும். மஞ்சளாகட்டும் என்று காத்திருந்தால் பழம் அழுகிவிடும். இவற்றுக்குக் காம்பருகே எழும் மணமே அடையாளம்.

ஜூனில் வரும் நீலத்தின் குறை இன்னும் ஆழத்தில் இருக்கிறது. பிஞ்சுப் பருவத்திலேயே வண்டு தோலில் முட்டையிடுகிறது. புழு சதையைத் துளைத்துக் கொட்டைக்குள் போய்விடுகிறது, துளையும் மூடிக்கொள்கிறது. கடைக்காரராலும் வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ‘சில பழங்களில் கொட்டையில் வண்டு இருக்கலாம், அவற்றுக்கு மாற்றுப் பழம் தரப்படும்’ என்ற ஒரு வரி பிறகு வரும் சண்டையைத் தவிர்க்கும்.

முன்பதிவில் தகராறு பெரும்பாலும் எடையிலும் நாளிலும்தான். 5 கிலோ இமாம்பசந்துப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு காய் சுமார் 400 கிராம் என்றால் பெட்டியில் 12 அல்லது 13 காய் இருக்கும். பழுக்கும்போது நீர் வற்றி எடை சில நூறு கிராம் குறையும். அதனால் எடை காயாகக் கட்டும்போது போட்டதா, அட்டைப்பெட்டியும் அதில் சேர்ந்ததா என்பதை எழுத வேண்டும். முற்றிய காயை வைக்கோலில் வைத்தால் பழுக்க ஏறக்குறைய 4 முதல் 6 நாள் ஆகும். ஞாயிறு விருந்துக்குப் பழம் கேட்பவருக்கு முந்தைய செவ்வாய்க்கிழமையே காய் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மழையோ காற்றோ வந்து பறிப்பு தள்ளிப்போனால் முன்பணம் திரும்புமா, அடுத்த பறிப்புக்கு மாறுமா என்பதும் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும்.

கடைசி வரி பழுக்கவைத்த முறை. கார்பைடு கல் வைப்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்டது, அளவோடு எத்திலீன் வாயு செலுத்த அனுமதி உண்டு. கல் வைத்த பழம் பெரும்பாலும் ஒரே சீராக மஞ்சளாகியும் மணக்காது, கொட்டையை ஒட்டிய சதை வெளுத்துப் புளிக்கும். வைக்கோலா வாயுவா என்று எழுதிவிட்டுக் கல் வைத்திருந்தால், அறுத்துப் பார்க்கும் வாங்குபவரால் அதை ஓரளவு ஊகிக்க முடியும்.