எந்தத் தாள் செல்லும்?

நம் தோட்டத்தில் வளர்ந்த தம்பி ஒருவர், செபராங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலைக்குப் புல் வெட்டும் குத்தகை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில், மாதம் 4,000 வெள்ளி, 30 நாளில் பணம் என்றிருக்கிறது. பின்னிணைப்பில் 60 நாள். கையெழுத்துக்கு முன்பு வந்த மின்னஞ்சலில் 45 நாள். எதை நம்பி அவர் மளிகைக் கடையில் தவணை சொல்வார்?

இதற்காகவே ஒப்பந்தங்களில் முன்னுரிமை வரிசை என்று ஒரு விதி எழுதுகிறார்கள். தாள்கள் முரண்பட்டால் முதலில் ஒப்பந்தம், அடுத்துப் பின்னிணைப்பு, கடைசியில் கடிதங்கள் என்று அது சொன்னால், 30 நாளே செல்லும். பின்னிணைப்பு முதலில் நின்றால், 60 நாள் காத்திருக்க வேண்டியதுதான்.

முரண் இருந்தால்தான் வரிசைக்கு வேலை. ஒப்பந்தம் 'புல் வெட்டுதல்' என்றும், பின்னிணைப்பு 'மாதம் இருமுறை' என்றும் சொன்னால், அது முரண் அல்ல, விளக்கம். இரண்டும் செல்லும்.

கையெழுத்துக்குப் பின் வரும் மின்னஞ்சல் வேறு கதை. மலேசியாவின் 2006ஆம் ஆண்டு மின்னியல் வணிகச் சட்டப்படி, மின்னஞ்சல் என்ற ஒரே காரணத்தால் அது செல்லாமல் போகாது. '60 நாளாக்குகிறோம்' என்று வந்ததற்கு நாம் 'சரி' என்று எழுதினால், ஒப்பந்தமே மாறியதாக வாதாட இடமுண்டு. இருவரும் கையெழுத்திடாமல் திருத்தம் இல்லை என்ற விதி இருந்தால், அது நமக்குக் காவல். எப்படியாயினும், 'ஒப்பந்தப்படி 30 நாள்' என்று அன்றே பதில் எழுதிவிடுவோம்.

எல்லாவற்றிலும் நல்லது, கையெழுத்துக்கு முன்பே பின்னிணைப்பில் 60ஐ அடித்து 30 என்று எழுதி, இருதரப்பும் அதன் அருகே சுருக்கொப்பம் இடுவதுதான்.