முகத்து மச்சமும் சவரக் கத்தியும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களின் கூட்டமொன்றில் மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தாடையிலோ, மேலுதட்டிலோ, கழுத்திலோ மேலெழும்பிய மச்சம் உடையவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பலர் இருக்கிறீர்கள். சவரம் செய்யும்போது அதன் தலை சீவப்பட்டு ரத்தம் வருவது சர்வசாதாரணம். உடனே வீட்டிலுள்ளவர்கள், "மச்சத்தில் கத்தி பட்டுவிட்டதே, புற்றுநோயாகிவிடுமே!" என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் வேண்டுவதில்லை. கத்தி பட்டதனால் சாதாரண மச்சம் புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் இதற்கு நேர்மாறான ஒரு தவறான எண்ணமும் நம்மிடையே உண்டு. ஆறாத புண்ணைப் பார்த்து, "கத்தி பட்டதால்தான் ஆறவில்லை" என்று மாதக்கணக்கில் சும்மா இருந்துவிடுவது. முன்னதைவிட இதுவே ஆபத்தானது. அதைப் பின்னர் சொல்லுகிறேன்.

முதலில், முகத்தில் இருப்பது இன்னதென்று அறிந்துகொள்ளுங்கள். மச்சம் என்பது நிறந்தரும் உயிரணுக்கள் ஓரிடத்தில் திரண்டிருப்பது. பெரும்பாலும் வழவழப்பாகவோ மெத்தென்றோ இருக்கும். அதில் முடியும் முளைக்கலாம். கழுத்தில் சிறு காம்புடன் தொங்குவது வெறும் தோல் மடிப்பே. அது பிறருக்குத் தொற்றாது. சொரசொரப்பான தலையுடன் முள்போல் நிற்பது வேறு. அது வைரஸினால் வருவது. நம் ஊரில் பின்னிரண்டையுமே மரு என்று அழைக்கிறோம். பெயர் ஒன்றானாலும் கத்திக்கு முன் இரண்டும் ஒன்றல்ல. வைரஸ் மருவைக் கத்தி சீவினால், அந்தக் கத்தி சென்ற கோட்டிலேயே சில வாரங்களில் புதிய மருக்கள் வரிசையாக முளைப்பதுண்டு. தாடியில் மரு பெருகிக்கொண்டே போகிறதென்றால், அதை எடுத்து முடிக்கும்வரை அந்தப் பக்கம் கத்தியே வைக்கக் கூடாது. கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்துக்கொள்வதே நல்லது. பிறவியிலிருந்தே உள்ள சிவந்த மறு நடுவயதில் தடித்து, சிறு முண்டுகள் கிளம்பக்கூடும். அவற்றின் உள்ளே இருப்பவை ரத்த நாளங்கள். சிறிது கீறினாலும் ரத்தம் பெருகும். ஆகையால் அவ்விடத்தில் கத்தியை விட்டொழிப்பதே உத்தமம்.

இனி, மிளகளவு மச்சமொன்று தாடை எலும்பின் கீழே இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவ்விடம் கண்ணாடியில் சரியாகத் தெரியாது. கழுத்து வளையும் இடமாதலால் அங்கேதான் அதிகம் வெட்டுப்படுகிறது. குளித்தபின் சவரம் செய்யுங்கள். இல்லையேல் வெந்நீரில் நனைத்த துணியை இரண்டு மூன்று நிமிடம் தாடையில் வைத்திருங்கள். முடி இளகினால் கத்தியை அழுத்த வேண்டியிராது. நுரை பூசியபின் மச்சத்தின் மேலுள்ள நுரையை மட்டும் விரலால் வழித்துவிடுங்கள். வெட்டுக்குப் பெருங்காரணம், நுரை மச்சத்தை மறைத்துவிடுவதுதான். முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே சிறு சிறு இழுப்பாக இழுத்து, மச்சத்திற்கு அரை விரல் முன்பே கத்தியை நிறுத்தித் தூக்குங்கள். பிறகு இருபுறத்திலும் ஒதுங்கிச் செல்லுங்கள். மச்சத்தின் மேல் ஒருபோதும் இழுக்க வேண்டாம், எதிர்த்திசையிலும் வேண்டாம். சுற்றிலும் மிஞ்சிய முடியை, முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோலால் நறுக்கிவிடலாம். மச்சத்திலேயே முளைத்த முடியையும் அவ்வாறே நறுக்கலாம். அதை நறுக்கினால் அதிர்ஷ்டம் போய்விடும் என்பார்கள், எதுவும் போய்விடாது! ஆனால் பிடுங்கக் கூடாது. வேர் வீங்கிச் சீழ்பிடிக்க இடமுண்டு.

சவரக் கடைக்குச் செல்லுகிறவர்கள் நாற்காலியில் அமர்ந்தவுடனே, "இங்கே மச்சம் இருக்கிறது" என்று தொட்டுக் காட்டிவிட வேண்டும். நுரை பூசியபின் சொல்லிப் பயனில்லை. பிளேடு உங்கள் கண்ணெதிரே மாற்றப்படட்டும். பாதி பிளேடானாலும் ஒருவருக்கு ஒரு தடவைதான். மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் 'பி' கிருமி, உலர்ந்த ரத்தத்திலும் குறைந்தது 7 நாள் உயிருடன் இருக்கவல்லது. எல்லோர் முகத்திலும் தேய்க்கும் ஒரே படிகாரக் கல்லுக்கும் இது பொருந்தும். உங்கள் படிகாரத்தை நீங்களே கொண்டுபோவதில் வெட்கமொன்றுமில்லை.

வெட்டுப்பட்டுவிட்டால், சுத்தமான துணியை மடித்து அதன்மேல் வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நம்மவர்கள் நிமிடத்துக்கொரு முறை எடுத்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடுகிறது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அழுத்துங்கள். நிற்கவில்லையெனில் இன்னொரு பத்து நிமிடம். இருதய நோய்க்காக ரத்தம் உறையாதிருக்கும் மருந்து உண்பவர்களுக்கு அதிக நேரமாகும். அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். நின்றபின் சோப்பும் நீருமிட்டு மெதுவாகக் கழுவினால் போதும். காப்பித்தூள், மூக்குப்பொடி, சாம்பல், சுண்ணாம்பு இவற்றை அப்பக் கூடாது. காம்புள்ள மரு பாதி அறுந்து தொங்கினால் பிய்த்தெடுக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வாருங்கள். காயம் ஆறும்வரை அவ்விடத்தில் சவரம் வேண்டாம்.

சாதாரண மச்சத்தில் பட்ட வெட்டு ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஆறாவிட்டால்?

அறுபதை எட்டிய ஒரு விவசாயி என்னிடம் வந்தார். மேலுதட்டில், மூக்கின் ஓரத்தில் கறுத்த பருப்பளவு முண்டு ஒன்று. "மச்சந்தான் ஐயா, சவரத்தில் அடிக்கடி வெட்டுப்படுகிறது" என்றார். "சிறுவயதிலிருந்தே உண்டா?" என்று கேட்டேன். "இல்லை, நாலைந்து வருஷமாகத்தான்" என்றார். "சவரம் செய்யாத நாளில்?" என்று கேட்டபோது சற்று யோசித்துவிட்டு, "துண்டால் துடைத்தாலும் ரத்தம் வருகிறது" என்றார். விளக்கொளியில் பார்த்தால், ஓரம் முத்துப்போல் பளபளத்தது. நடுவே சிறு பள்ளமும் பொருக்கும். பொருக்கு உதிரும், மீண்டும் கட்டும். அது மச்சமன்று, வெயிலில் உழைத்த முகத்தில் வரும் ஒருவகைத் தோல் புற்றுநோய். வெள்ளையர் தோலில் இது பெரும்பாலும் வெளிறித் தோன்றும். நம்மைப் போன்ற மாநிறத்தாரிடம் கறுத்திருப்பதால் மச்சமென்றே ஏமாந்துபோகிறோம். இது வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் விட்டுவைத்தால் மூக்கையும் உதட்டையும் அரித்துக்கொண்டே போகும். அவரை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினோம். அறுவைச் சிகிச்சையில் முழுதும் எடுக்கப்பட்டது. இப்போது மீசைக்குள் ஒரு மெல்லிய தழும்புதான் இருக்கிறது.

ஆகையால், நடுவயதுக்குப் பின் புதிதாக வந்த "மச்சம்", கத்தி படாமலே கசியும் மச்சம், நான்கு வாரமாகியும் ஆறாத வெட்டு, நிறமோ வடிவமோ மாறிக்கொண்டே வரும் மச்சம், இவற்றைக் காட்டிவிடுங்கள். முகத்தை மாதந்தோறும் அருகிலிருந்து பார்ப்பவர் ஊரிலுள்ள முடிதிருத்தும் தொழிலாளிதான். இந்த நான்கு அடையாளங்களையும் பஞ்சாயத்து உறுப்பினர்கள் அவரிடம் எடுத்துச் சொல்லிவைத்தால், வைத்தியருக்கு முன்பே அவர் கண்டுபிடித்துவிடுவார்.

சவரத்துக்கு இடைஞ்சலாயிருக்கிறதென்று மச்சத்தை எடுத்துவிட விரும்புவோரும் உண்டு. எடுக்கலாம், மரத்துப்போகும் ஊசி போட்டுச் சில நிமிடங்களில் முடியும் வேலைதான். ஆனால் குதிரை முடியால் கட்டுவது, சுண்ணாம்பும் சோடாவும் குழைத்துத் தடவுவது ஆகியவை கூடா. தோல் வெந்து வடு விழும். மச்சத்தின் வேரும் அடியில் தங்கிவிடும். அதைவிட முக்கியமான கேடு ஒன்றுண்டு. மருத்துவமனையில் எடுத்த துணுக்கைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, அது இன்னதென்று உருப்பெருக்கியில் பார்க்க முடியும். சுண்ணாம்பில் வெந்துபோனதை யாரும் பார்க்க முடியாது. எடுத்தபின், "பரிசோதனைக்கு அனுப்பினீர்களா, முடிவு எப்போது வரும்?" என்று மருத்துவரிடமே கேட்டு, அந்தத் தேதியில் சென்று முடிவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.